‘பரிசோதனைக்காக மட்டுமே’: ஒரு சொற்றொடரின் விலை

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் அனுப்பும் நிராகரிப்புக் கடிதங்களில் ஒரு வகை தனித்துத் தெரியும். அதில் காப்பீடு பெற்றவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இராது. பழைய நோயை மறைத்தார் என்றோ, பிரீமியம் கட்டத் தவறினார் என்றோ, போலிப் பில் கொடுத்தார் என்றோ அக்கடிதம் சொல்வதில்லை. ‘நோயாளிக்குப் பரிசோதனைகளும் கண்காணிப்பும் மட்டுமே நடந்துள்ளன. இவற்றைப் புறநோயாளியாகவே செய்திருக்கலாம். எனவே உள்நோயாளிச் சேர்க்கை மருத்துவ ரீதியாகத் தேவையற்றது’ என்ற அளவில் அது முடிந்துவிடும். பணம் கட்டிவிட்டு வீடு திரும்பிய குடும்பம், தேவையற்றது என்று மருத்துவமனையில் யாருமே சொல்லாத ஒன்றை, சில வாரங்கள் கழித்து முன்பின் அறியாத ஒருவர் சொல்லக் கேட்கிறது.

இது மருத்துவர்கள் இருவருக்கு இடையிலான கருத்து வேறுபாடு போலத் தோன்றும். உண்மையில் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் தகராறு ஒரு வாசிப்பைப் பற்றியது. ஒரு முடிவை எந்த நேரத்தில் நின்று வாசிப்பது, ‘மதிப்பீடு’ என்ற சொல்லை யாருடைய வழக்கில் வாசிப்பது என்னும் இரண்டு கேள்விகளில் அது அடங்கிவிடுகிறது. நிராகரிப்புக் கடிதம் இந்த இரண்டிற்கும் தனக்கு வசதியான விடையை எடுத்துக்கொண்டு, அதையே மருத்துவத் தீர்ப்பாக முன்வைக்கிறது.

முதலில் மூல வாசகத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களின் விலக்குப் பிரிவுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறாக இருந்தன. 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் அவற்றைச் சீர்ப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் மாறாத வாசகமும் தந்தது. இன்று எந்தப் பாலிசியைப் பிரித்தாலும் Excl04 என்ற குறியீட்டோடு காணப்படும் விலக்குதான் இங்கே பேசப்படுவது. அதற்கு இரண்டு கூறுகள் உண்டு. முதன்மையாக நோயறிதல், மதிப்பீடு ஆகிய நோக்கங்களுக்காக மட்டுமே நிகழும் சேர்க்கைக்கான செலவு தரப்படாது என்பது முதற்கூறு. தற்போதைய நோய்க்கும் சிகிச்சைக்கும் தொடர்பில்லாத பரிசோதனைகளின் செலவு தரப்படாது என்பது இரண்டாவது.

முதற்கூறில் ‘முதன்மையாக’ என்பதும் ‘மட்டுமே’ என்பதும் ஒரே தொடரில் நிற்கின்றன. ஒன்று முதன்மை நோக்கம் என்றால் இரண்டாம் நோக்கம் ஒன்றும் இருக்கிறது என்று பொருள். ‘மட்டுமே’ என்றால் வேறெந்த நோக்கமும் இல்லை என்று பொருள். இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது விலக்கின் எல்லை தெளிவாவதற்குப் பதிலாக மங்குகிறது. நிராகரிப்பவர் ‘முதன்மையாக’ என்பதைப் பிடித்துக்கொள்கிறார். கோருபவர் ‘மட்டுமே’ என்பதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒப்பந்த வாசகம் இருபொருள்படும்போது அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது காப்பீட்டுச் சட்டத்தில் நிலைபெற்ற நெறி. விலக்குப் பிரிவைக் காட்டிப் பணம் மறுக்கும்போது, அந்தப் பிரிவு பொருந்துகிறது என்று நிறுவும் சுமை காப்பீட்டு நிறுவனத்துடையது என்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் இஷர் தாஸ் மதன் லால் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னொரு வாசகம் உண்டு. ‘மருத்துவத் தேவையுள்ள சிகிச்சை’ என்றால் என்ன என்பதை அதே ஆணையம் 2016ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் வரையறுத்திருக்கிறது. அந்த வரையறை சிகிச்சை, பரிசோதனை, மருந்து, மருத்துவமனையில் தங்குதல் அல்லது தங்குதலின் ஒரு பகுதி என்று தொடங்குகிறது. பிறகு நான்கு நிபந்தனைகளை வைக்கிறது. நோயை மேலாள்வதற்கு அது வேண்டியதாக இருக்க வேண்டும். பரப்பிலோ கால அளவிலோ தீவிரத்திலோ தேவைக்கு மிஞ்சக் கூடாது. மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட தொழில்முறைத் தரத்துக்கு இசைந்திருக்க வேண்டும். பரிசோதனை என்ற சொல் அந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே, ‘பரிசோதனைதான் நடந்தது, அதனால் தேவையில்லை’ என்ற வாதம் வரையறையோடு முரண்படுகிறது. கேட்க வேண்டியது, அந்தப் பரிசோதனைக்கு மருத்துவமனைப் படுக்கை வேண்டியிருந்ததா என்பதுதான்.

இந்த வகைத் தகராறின் பொது வடிவத்தை விளக்க ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 52 வயதான ஒரு கல்லூரி நூலகர். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உடையவர். இரவு பதினொரு மணியளவில் நெஞ்சில் இறுக்கம், வியர்வை, இடது தோளில் வலி. 11.40க்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். இ.சி.ஜி.யில் தெளிவான மாற்றம் எதுவும் இல்லை. இதயத் தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்னும் புரதம் முதல் மாதிரியில் இயல்பான அளவில்தான் இருக்கிறது. பணியிலிருக்கும் மருத்துவர் மெல்லுவதற்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்து, இதயத் துடிப்பைத் தொடர்ந்து காட்டும் மானிட்டர் உள்ள வார்டில் சேர்க்கிறார். அதிகாலை மூன்று மணிக்கு இரண்டாம் மாதிரி. நான்கு மணிக்கு லேசான வலி மீண்டும் வர, இன்னொரு இ.சி.ஜி. ஆறு மணிக்கு மூன்றாம் மாதிரி. காலையில் எக்கோ, மாலையில் ட்ரெட்மில் சோதனை. எல்லாமே இயல்பு. அன்றிரவும் தங்கவைத்து, மறுநாள் காலை ஏழு மணிக்கு, மாத்திரைகளும் உணவு அறிவுரையும் தந்து அனுப்புகிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 31 மணி நேரம். பில் 46,800 ரூபாய்: இரண்டு நாள் படுக்கை 13,000, பரிசோதனைகள் 21,300, மருத்துவர் மற்றும் அவசரப் பிரிவுக் கட்டணம் 8,200, மருந்தும் பிற பொருள்களும் 4,300.

கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காரணம் Excl04: எல்லா முடிவுகளும் இயல்பு, செயல்முறைச் சிகிச்சை எதுவும் நடக்கவில்லை, எனவே சேர்க்கை நோயறிதலுக்காக மட்டுமே.

இங்கேதான் முதல் கேள்வி, நேரத்தைப் பற்றியது, எழுகிறது. முடிவுகள் இயல்பு என்பது மறுநாள் மாலைதான் தெரியவந்தது. இரவு 11.40க்கு அது யாருக்கும் தெரியாது. மாரடைப்பு தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் ட்ரோபோனின் இயல்பாகவே காட்டக்கூடும்; அதனால்தான் ஒரே மாதிரியை நம்பி வீட்டுக்கு அனுப்பாமல், பயன்படுத்தும் சோதனையின் நுண்மைக்கேற்ப ஒன்று முதல் ஆறு மணி நேர இடைவெளியில் மீண்டும் எடுக்கிறார்கள். முதல் இ.சி.ஜி. இயல்பாக இருப்பதும் மாரடைப்பை விலக்கிவிடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலி வழக்கமான வடிவில் வராமலும் போகலாம். இடைப்பட்ட அந்த மணி நேரங்களில்தான் ஆபத்தான துடிப்புக் கோளாறு நிகழக்கூடும். நிகழ்ந்தால் சில நிமிடங்களுக்குள் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி அருகில் இருந்தாக வேண்டும். மானிட்டர் உள்ள படுக்கை அதற்காகத்தான். அந்த இரவில் நடந்தது காத்திருப்பு. ஆனால் வீட்டில் காத்திருக்க முடியாத காத்திருப்பு.

நிராகரிப்புக் கடிதம் இந்த வரிசையைத் தலைகீழாக வாசிக்கிறது. நடந்து முடிந்த ஒன்றிலிருந்து, நடப்பதற்கு முன் எடுத்த முடிவை மதிப்பிடுகிறது. அதே நூலகரின் மூன்றாம் மாதிரி மட்டும் உயர்ந்திருந்தால், அதே சேர்க்கை, அதே படுக்கை, அதே பரிசோதனைகள் எல்லாம் தேவையானவை ஆகியிருக்கும். ஒரே இரவில் ஒரே மருத்துவர் எடுத்த ஒரே முடிவு, பிறகு வந்த ஆய்வக எண்ணைப் பொறுத்துச் சரியாகவும் தவறாகவும் மாற முடியாது. மாறுகிறது என்றால் அங்கே அளக்கப்படுவது அதிர்ஷ்டம். மாரடைப்பு இல்லை என்ற நற்செய்திக்கு 46,800 ரூபாய் அபராதம் விதிப்பது போன்றது அது.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அவசரச் சிகிச்சையைப் பொறுத்தவரை இதற்கு ஒரு தெளிவான அளவுகோலைத் தந்தது. சராசரி மருத்துவ அறிவுள்ள, விவேகமான ஒரு சாதாரண மனிதர் அந்த அறிகுறிகளைக் கண்டு ஆபத்து என்று கருதுவாரா என்பதே அங்கே கேள்வி. இறுதியில் என்ன நோய் என்று தெரிந்தது என்பது அன்று. இந்திய வரையறையில் இப்படி ஒரு நேரக்குறிப்பு இல்லை. ‘வேண்டியதாக இருக்க வேண்டும்’ என்கிறது. எப்போது அறியப்பட்டதை வைத்து என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தைக் கோரிக்கைப் பிரிவின் பின்னோக்கு நிரப்பிக்கொள்கிறது.

இரண்டாம் கேள்வி சொல் வழக்கைப் பற்றியது. நூலகரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பது மூன்றே வரி: ‘நெஞ்சுவலியின் மதிப்பீட்டுக்காகவும் கண்காணிப்புக்காகவும் சேர்க்கப்பட்டார். பரிசோதனை முடிவுகள் இயல்பான வரம்புக்குள் உள்ளன. நலமான நிலையில் அனுப்பப்பட்டார்.’ மருத்துவர்களின் எழுத்து வழக்கில் ‘மதிப்பீட்டுக்காக’ என்பது அடக்கமான ஒரு தொடர். நோய் இன்னதென்று உறுதிப்படாத நிலையில் அதன் பெயரைச் சூட்டாமல் இருப்பதற்கான ஒழுக்கம் அது. ‘மாரடைப்பாக இருக்கலாம், விலக்கப்படவில்லை’ என்ற அவசரத்தை அந்தத் தொடர் உள்ளடக்கியிருப்பதாக இன்னொரு மருத்துவர் வாசிப்பார். காப்பீட்டு வழக்கிலோ அதே சொல் ஒரு விலக்குப் பிரிவின் தலைப்பு. அங்கே அது ஆற அமரச் செய்துகொள்ளும் உடற்பரிசோதனையைக் குறிக்கிறது. ஓர் எழுத்துவகையில் எச்சரிக்கையைக் குறிக்கும் சொல், இன்னொன்றுக்குள் நுழைந்ததும் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. மருத்துவர் தன் சக மருத்துவருக்காக எழுதிய வாக்கியம், நோயாளிக்கு எதிரான சான்றாகிறது.

வாக்கியத்தின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி முடிவிலிருந்து எழுதப்படும் ஆவணம். வந்தபோது இருந்த வியர்வை, நான்கு மணிக்கு மீண்ட வலி, இரவெல்லாம் எடுத்த இரத்த அழுத்தக் குறிப்புகள் ஆகியவை அதில் சுருங்கி ‘நெஞ்சுவலி’ என்ற ஒரே பெயர்ச்சொல்லாக நிற்கின்றன. ‘சேர்க்கப்பட்டார்’ என்ற செயப்பாட்டு வினை, சேர்த்தவர் யார், எதைக் கண்டு சேர்த்தார் என்பதை மறைத்துவிடுகிறது. கோரிக்கையைப் பரிசீலிப்பவர் இந்தச் சுருக்கத்தை மட்டும் வாசித்தால் அவருக்கு அந்த இரவு தெரியாது; முடிவு மட்டுமே தெரியும்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. மூன்று மாதமாகத் தலைவலி உள்ள ஒருவர், முன்பதிவு செய்து திங்கட்கிழமை காலை நடந்து வந்து சேர்கிறார். இரண்டு நாளில் எம்.ஆர்.ஐ., எண்டோஸ்கோபி, வைட்டமின் அளவுகள், தைராய்டு, முழு வயிற்று ஸ்கேன் எல்லாம் முடிகின்றன. நரம்பு வழியாக மருந்து எதுவும் போகவில்லை. இரவில் யாரும் நாடி பார்த்ததாகக் குறிப்பில்லை. தலைவலிக்கும் எண்டோஸ்கோபிக்கும் என்ன தொடர்பு என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. Excl04 எழுதப்பட்டது இத்தகைய சேர்க்கைக்காகத்தான். இதற்கும் பணம் கொடுத்தால் அந்தச் சுமை எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறும்.

ஆனால் இத்தகைய சேர்க்கை ஏன் நிகழ்கிறது என்பதையும் கேட்க வேண்டும். வழக்கமான பாலிசி புறநோயாளிச் செலவைத் தருவதில்லை. சேர்க்கைக்கு முந்தைய பரிசோதனைச் செலவையும், அதைத் தொடர்ந்து ஏற்கத்தக்க ஒரு சேர்க்கை நிகழ்ந்தால் மட்டுமே தருகிறது. மருத்துவமனையில் சேர்தல் என்பதையே, பட்டியலிட்ட பகல்நேரச் சிகிச்சைகள் நீங்கலாக, குறைந்தது 24 மணி நேரம் தொடர்ந்து தங்குவது என்று அது வரையறுக்கிறது. எம்.ஆர்.ஐ.க்குக் கையில் பணமில்லாதவருக்குப் படுக்கை ஒன்றே கதவாகத் திறந்திருக்கிறது. கதவை அந்த இடத்தில் வைத்தது ஒப்பந்தமே.

நூலகரின் வழக்கிலும் அந்த 24 மணி நேரத்தின் நிழல் விழுகிறது. ட்ரெட்மில் முடிந்த மாலை ஆறு மணிக்கே அவரை அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் தங்கிய நேரம் 18 மணி 20 நிமிடம் மட்டுமே; பாலிசியின் கணக்கில் அது சேர்க்கையே ஆகாது. இரண்டாம் இரவு மருத்துவக் காரணத்தால் வந்ததா, இந்தக் கணக்கால் வந்ததா என்று நிறுவனம் ஐயுறுவது தவறன்று. ஆனால் அந்த ஐயத்துக்கான விடை வரையறையிலேயே இருக்கிறது. ‘தங்குதலின் ஒரு பகுதி’ என்று அது சொல்வதால் தேவையைப் பகுதி பகுதியாக அளக்க முடியும். இரண்டாம் நாள் படுக்கையின் 6,500 ரூபாயைப் பற்றி வாதிடலாம். அதைக் காரணம் காட்டி மீதி 40,300 ரூபாயையும் மறுப்பதற்கு அந்த வாசகத்தில் இடமில்லை. 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் பாலிசி பொருந்தாது, அதைத் தாண்டினால் தேவைக்கு மிஞ்சியது என்ற இரு சுவர்களுக்கு நடுவே, நெஞ்சுவலியோடு வந்தவருக்கு நிற்க இடமே கிடைப்பதில்லை.

ஆகவே இரண்டு வகைச் சேர்க்கையையும் பிரித்தறிய வேண்டியது மூன்று வரிச் சுருக்கத்தை வைத்தன்று. உள்நோயாளிக் குறிப்பேட்டை வைத்து. வந்த நேரம், வந்தபோது எழுதிய அவசரப் பிரிவுக் குறிப்பு, எத்தனை மணிக்கொரு முறை நாடியும் அழுத்தமும் பதிவாயின, எந்த மருந்து எப்போது தரப்பட்டது, அடுத்த பரிசோதனை முந்தையதன் விடையைப் பொறுத்து எழுந்ததா அல்லது எல்லாம் முதலிலேயே பட்டியலிடப்பட்டதா என்பவை அந்தத் தாள்களில் இருக்கும். நூலகரின் மூன்று ட்ரோபோனின் மாதிரிகளின் நேரங்களே அந்த இரவின் காரணத்தைச் சொல்லிவிடும். தலைவலிக்காரரின் குறிப்பேட்டில் அப்படிச் சொல்ல எதுவும் இராது.

இந்தத் தாள்களைப் பெறுவது நோயாளியின் உரிமை. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். அவற்றோடு, சிகிச்சையளித்த மருத்துவரிடம் ஒரு விளக்கக் கடிதமும் பெற வேண்டும். ‘சேர்க்கை அவசியமாக இருந்தது’ என்று பொதுவாக எழுதும் சான்றிதழால் பயனில்லை. சேர்த்த அந்த நேரத்தில் எது தெரிந்திருந்தது, எது தெரியவில்லை, எந்த நோயை விலக்க வேண்டியிருந்தது, வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆபத்து என்ற நான்கிற்கும் அது விடை சொல்ல வேண்டும்.

நிறுவனத்துக்கும் கடமை உண்டு. ஆணையத்தின் 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கையின்படி, மூவர் கொண்ட கோரிக்கை மறுஆய்வுக் குழு அல்லது அதன் தாய்க் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தால் பாலிசியின் எந்த நிபந்தனையின்படி என்று முழு விவரத்தோடு தெரிவிக்க வேண்டும். குழுவின் ஒப்புதல் பெறப்பட்டதா என்று எழுத்தில் கேட்பது கோருபவரின் முதல் வேலை. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் முறையிட்டும் பயனில்லை அல்லது ஒரு மாதத்தில் பதிலில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஏற்காத நுகர்வோருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கும். ஆனால் ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்துவிட்டால் அதே பிரச்சினையை ஆம்பட்ஸ்மன் எடுத்துக்கொள்ள மாட்டார். வரிசையைப் பிழைக்காமல் போவது நல்லது.

தனிமனிதர்கள் ஒவ்வொருவராக முறையிட்டுப் பெறுவது நீதி. அதையே ஏற்பாடாக வைத்திருப்பது அநீதி. வாசகத்தில் இரண்டு திருத்தங்கள் போதும். விலக்குப் பிரிவில் ‘முதன்மையாக’, ‘மட்டுமே’ என்ற இரண்டில் ஒன்று போக வேண்டும். போக வேண்டியது ‘முதன்மையாக’. மருத்துவத் தேவையின் வரையறையில் ‘சேர்க்கும் நேரத்தில் அறியப்பட்டிருந்தவற்றின் அடிப்படையில்’ என்ற ஒரு தொடர் சேர வேண்டும். மருத்துவமனைகளும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சேர்க்கைக்கான காரணம்’ என்ற பத்தியை, முடிவு தெரிந்த பிறகு எழுதாமல், சேர்க்கும்போதே எழுதி மூடிவிட வேண்டும்.

அதுவரை, இத்தகைய கடிதம் பெறும் ஒவ்வொருவரும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: அன்றிரவு 11.40க்கு, அந்த இ.சி.ஜி.யையும் அந்த ஒரே ட்ரோபோனின் முடிவையும் கையில் வைத்திருந்த மருத்துவர், இவரை எங்கே அனுப்பியிருக்க வேண்டும்? ‘புறநோயாளியாகச் செய்திருக்கலாம்’ என்று சொல்பவர், அந்த நேரத்தில் திறந்திருந்த புறநோயாளிப் பிரிவு எது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.